காணாமற்போன சினைப்பசுவும் பயன்தரும் அறிவிப்பும்

(தோட்டக் குடியிருப்பாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, ஒன்றிரண்டு மாடுகளை வளர்த்து, ஆலயத்துக்கும் அண்டை வீட்டாருக்கும் பால் ஊற்றிவரும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. அத்தகைய குடும்பமொன்றன் சினைப்பசு ஒருநாள் மாலையில் கொட்டகைக்குத் திரும்பவில்லையெனில், அதனை ஊருக்கு அறிவிக்க வேண்டிய நிலை உண்டாகிறது. முற்காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் கங்காணியார் உரத்த குரலில் சொல்லிவிடுவார். இன்று லயத்துப் புலனக் குழுவில் சொல்லுகிறார்கள். செய்தி ஐந்து நிமிடத்தில் எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆயினும், பசு இருக்குமிடம் தெரிவிக்கும் மறுமொழி வருவதில்லை. அது வரும்படியாக அறிவிப்பை எங்ஙனம் எழுதுவது என்பது குறித்தே இன்று உங்களோடு பேச விழைகிறோம்.

வழக்கமாக வெளிவரும் அறிவிப்பு இப்படித்தான் இருக்கிறது: “எங்கள் மாட்டைக் காணவில்லை. பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லவும்.” இதற்குக் கைகூப்பிய படங்கள் பத்து வரும். “அடடா, பாவம்” என்று நால்வர் எழுதுவர். “எந்த மாடு?” என்று இருவர் கேட்பர். அக்கேள்விக்கு விடை எழுதுவதற்குள் வேறு செய்திகள் வந்து குவிந்து, அறிவிப்பு மேலே போய் மறைந்துவிடும்.

இதில் குறை யாதெனின், அறிவிப்பைப் படிப்பவர்களுள் ஒருவர் அந்தப் பசுவை ஏற்கெனவே பார்த்திருக்கலாம் என்பதை எழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை. நேற்று மாலை ஐந்து மணிக்குப் பால் லாரியை ஓட்டிச் சென்றவர், சடக்கோரத்தில் ஒரு மாட்டைக் கண்டிருப்பார். அது காணாமற்போன மாடென்று அவருக்கு அப்போது தெரியாது. தோட்டத்தில் மாட்டைக் காண்பது ஒரு புதுமையன்று. கண்டதை அக்கணமே மறந்திருப்பார். அவருடைய நினைவைத் தட்டியெழுப்ப வேண்டுமாயின், “மாடு” என்ற சொல் மட்டும் போதாது. எந்த நேரம், எந்தப் பக்கம், எப்படிப்பட்ட மாடு என்ற மூன்றும் வேண்டும்.

ஆதலின் கைப்பேசியை எடுப்பதற்கு முன்னர், பசுவைக் கட்டியிருந்த இடத்துக்கு ஒருமுறை செல்லுதல் நலம். முளைக்குச்சி அங்கே இருக்கிறதா, பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறதா என்று பாருங்கள். கயிறு முளையிலேயே எஞ்சியிருந்தால் அதன் நுனியைக் கையிலெடுத்துப் பாருங்கள். தேய்ந்து அறுந்த நுனி பிசிறுபிசிறாக இருக்கும். கத்தியால் அறுத்த நுனி ஒரே சீராக இருக்கும். சீராக அறுபட்டிருந்தால் அது வேறு கதை. அந்தக் கயிற்றைத் தொடாமல் படமெடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் செய்வதே முதல் வேலையாகும். முளையோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தால், பசு நீளக் கயிற்றை இழுத்துக்கொண்டு திரிகிறது என்பது பொருள். அந்தக் கயிறு ஏதேனும் ஓர் அடிமரத்திலோ செம்பனைக் கட்டையிலோ சுற்றிக்கொண்டால், பசு நீர் குடிக்கவும் வழியின்றி நின்ற இடத்திலேயே நிற்க நேரும். இச்செய்தி அறிவிப்பில் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஏனெனில், கயிற்றை இழுத்துச் செல்லும் மாடு காண்பவர் மனத்தில் நன்றாகப் பதிந்திருக்கும்.

அடுத்து, கடைசியாகப் பார்த்தவர் யார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று வீட்டிலுள்ள எல்லாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “சாயங்காலம்” என்பது ஒரு நேரமன்று. சிறுவன் பள்ளியிலிருந்து வந்து சட்டை மாற்றியபோது மாடு இருந்தது, வானொலியில் செய்தி வாசித்தபோது இல்லை என்ற அளவுக்காவது நேரத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

நிறைசினைப் பசுவாயின், அதன் இயல்பு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள்கள். கன்று ஈனும் நேரம் நெருங்கியதும், பசு மற்ற மாடுகளை விட்டுப் பிரிந்து, ஆளரவமற்ற மறைவிடத்தை நாடிச் செல்லும். அது வழி தவறிப் போவதன்று. தானே தேடிக்கொள்ளும் தனிமை. எனவே சந்தைப் பக்கமும் பெரிய சடக்கிலும் மட்டும் தேடிப் பயனில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த பழைய வெட்டுக்காடு, பெரணி மண்டிய பள்ளம், அல்லூர்க் கரையை ஒட்டிய புதர் ஆகியவற்றை அறிந்தவர்களிடமே முதலில் விசாரிக்க வேண்டும். அவர்கள் யார்? மரம் வெட்டுபவர்களும், புல் வெட்டும் ஆட்களும், இரவுக் காவலர்களுமே ஆவர். அறிவிப்பு இவர்களுக்கென்றே எழுதப்பட வேண்டும்.

இனி ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் புதன்கிழமை மாலை ஒரு சினைப்பசு காணாமற்போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். அதற்கு நாம் எழுதக்கூடிய அறிவிப்பு இது:

“சினைப்பசு காணவில்லை. 11.3.2026 புதன், மாலை 4.30க்கும் 6.00க்கும் இடையே, ஆலயக் குளத்துக்குப் பின்னாலுள்ள புல்வெளியிலிருந்து போய்விட்டது. செங்கல் நிறம். நெற்றியில் கையகல வெள்ளை. ஒரு கொம்பு நேராகவும் ஒரு கொம்பு கீழ்நோக்கி வளைந்தும் இருக்கும். நீல நிற நைலான் கயிற்றை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். இந்த வாரத்தில் கன்று போடும். புதன் மாலை ஆலைச் சடக்கில் சென்றவர்கள், பந்து விளையாடியவர்கள், 7, 8, 9ஆம் எண் வெட்டுக்காடுகளில் வேலை செய்பவர்கள் இப்படியொரு மாட்டைப் பார்த்தீர்களா? எந்த இடம், எத்தனை மணி, எந்தப் பக்கம் போனது என்று மட்டும் சொன்னால் போதும். துரத்தவோ பிடிக்கவோ வேண்டாம். அழைக்க வேண்டிய எண் இது.” இதன்கீழ் ஒரே ஒரு தொலைபேசி எண் வரும்.

இவ்வறிவிப்பில் நிறத்தைச் “செவலை” என்று எழுதாமல் “செங்கல் நிறம்” என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செவலை, மயிலை, காரி என்பன நம் முன்னோர் வழங்கிய அழகிய சொற்களே. மாடு வளர்ப்பவர்க்கு அவை புரியும். ஆனால் மாடு வளர்க்காத இளைஞர்க்குப் புரிவதில்லை. காண்பவர் கண்ணில் படுவது எதுவோ அதனையே எழுத வேண்டும். “சாதுவான பசு”, “பிள்ளைபோல் வளர்த்த பசு” என்னும் சொற்கள் வளர்த்தவரின் துயரத்தைக் காட்டுமேயன்றி, தூரத்தில் நிற்கும் மாட்டை அடையாளம் காண உதவமாட்டா.

வேலையைக் கொண்டு ஆட்களை விளித்துக் கேட்டிருப்பதும் காரணத்தோடுதான். “யாராவது பார்த்தீர்களா” என்றால், ஒவ்வொருவரும் அது வேறொருவரைக் கேட்பதாக எண்ணிக் கடந்துவிடுவர். “பந்து விளையாடியவர்கள்” என்றவுடன் அன்று திடலில் இருந்த பையன்கள் ஒருவரையொருவர் கேட்டுப் பார்ப்பார்கள்.

துரத்த வேண்டாம் என்ற சொற்றொடரை யாரும் விட்டுவிடக் கூடாது. நல்லெண்ணத்தோடு நான்குபேர் சேர்ந்து துரத்தினால், நிறைசினைப் பசு மிரண்டு அல்லூரில் விழக்கூடும். கன்று ஈன்றுவிட்டிருந்தால், சாதுவான பசுவும் அந்நியரை முட்டவரும்.

அறிவிப்போடு படம் ஒன்று சேர்ப்பது மிகவும் நல்லது. முகத்தை மட்டும் அருகிலிருந்து எடுத்த படத்தைவிட, பக்கவாட்டில் முழு உடலும் தெரியும் படமே பயன்படும். காட்டில் காண்பவர் பசுவை அப்படித்தான் காண்பார். படத்தை ஒரு செய்தியாகவும் விவரத்தை வேறொரு செய்தியாகவும் அனுப்பினால், அடுத்த தோட்டத்தார்க்குப் படம் மட்டும் போய்ச் சேரும். அதைக் கண்டவர் யாரை அழைப்பது, எந்த நாளைய செய்தி என்று அறியாமல் விழிப்பார். ஆகவே விவரம் முழுவதையும் படத்தின் அடிக்குறிப்பாகவே எழுதி, இரண்டும் ஒன்றாகச் செல்லும்படி செய்ய வேண்டும். ஆண்டோடு கூடிய தேதியும் அதற்காகவே. “நேற்று” என்று எழுதியது மூன்று நாள் கழித்து வேறொரு குழுவுக்குப் போனால், அங்கும் “நேற்று” என்றுதான் இருக்கும்.

இன்று பல தோட்டங்களில் நம்மவரோடு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிறார்கள். பக்கத்திலேயே மலாய்க் கம்பமும் இருக்கும். பெரணிக் காட்டுக்குள் மாட்டைக் காணக்கூடியவர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். ஆதலின் அதே விவரத்தை மலாய் மொழியிலும் மூன்று வரியில் எழுதிச் சேர்த்தல் வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இதை நொடியில் செய்துவிடுவார்கள். இங்கே ஒரு சொல்லைக் குறித்து எச்சரிக்க விரும்புகிறோம். கோபத்தில் “யாரோ திருடிவிட்டார்கள்” என்று எழுதிவிடுகிறோம். அதைப் படித்த ஓர் அயல்நாட்டுத் தொழிலாளி, தான் பார்த்ததைச் சொன்னால் தன்மீதே ஐயம் விழுமோ என்று அஞ்சி வாய் திறக்கமாட்டார். பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டால் பேசுவார்.

எந்நேரத்தில் அனுப்புவது? இரவு பதினொரு மணிக்கு அனுப்பியதைக் காலையில் யாரும் தேடிப் படிப்பதில்லை. தெரிந்தவுடன் ஒருமுறை அனுப்பிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் மரம் வெட்டப் புறப்படும் முன் மீண்டும் அனுப்ப வேண்டும். வெட்டுக்காட்டுக்குள் சென்றபின் பல இடங்களில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பதில்லை. ஆகவே பெரட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது இன்றும் வீணன்று. பிறகு பால் நிறுக்கும் நேரத்தில் கொட்டகைக்கு நேரில் சென்று கேட்க வேண்டும். அந்நேரத்தில் எல்லா வெட்டுக்காட்டு ஆட்களும் ஓரிடத்தில் கூடியிருப்பார்கள். காலையில் கண்டது மனத்தில் இன்னும் பசுமையாக இருக்கும்.

இப்போது மறுமொழிகள் வரத் தொடங்குகின்றன. வீட்டில் ஒருவர் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். வந்த வரிசையில் எழுதாமல், பார்த்த நேரத்தின் வரிசையில் எழுதுவதே முறை.

நம் எடுத்துக்காட்டில், வியாழன் காலையில் முதலில் அழைத்தவர் லாரி ஓட்டுநர். மாலை 5 மணிக்கு ஆலைக்கருகே சிறு பாலத்தடியில் இரண்டு மாடுகள் மேய்ந்ததாகச் சொல்லுகிறார். நிறம் நினைவில்லை. அடுத்து ஒரு பையன்: மாலை 5.15 அளவில் செங்கல் நிற மாடு ஒன்று கயிற்றை இழுத்தபடி செம்மண் சடக்கைக் கடந்து 9ஆம் எண் வெட்டுக்காட்டுப் பக்கம் போயிற்று. மூன்றாமவர் புல் வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளி. இன்று காலை 7 மணிக்கு, 9ஆம் எண் வெட்டுக்காட்டின் கோடியிலுள்ள பழைய கிணற்றுப் பள்ளத்தில் அந்த நிறத்தில் ஒரு மாடு தனியே நின்றது. ஆனால் கயிறு இல்லை என்கிறார்.

பலரும் மூன்றாவதைத் தள்ளிவிடுவார்கள், கயிறு இல்லையே என்று. அது தவறாகலாம். கயிறு எங்கோ சிக்கி அறுந்திருக்கலாம். அல்லது நுனி புதருக்குள் மறைந்திருக்கலாம். பையன் சொன்ன திசையும் இவர் சொன்ன இடமும் ஒத்துப்போகின்றன. மாடு தனியே நின்றது என்பதும் நிறைசினைப் பசுவின் இயல்போடு பொருந்துகிறது. லாரி ஓட்டுநர் கண்டது இரண்டு மாடுகள். அந்த இடமோ எதிர்த்திசை. நேரமோ கால் மணி அளவே வேறுபாடு. ஆகவே அது பிறர் மாடாக இருக்கவே இடமுண்டு. அவருக்கு நன்றி சொல்லிக் குறித்துவைத்தால் போதும்.

மூன்றாமவரிடம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். அதைக் கேட்கும் விதத்தில் கவனம் தேவை. “இடக்கொம்பு வளைந்திருந்ததா?” என்று கேட்டால், உதவ நினைக்கும் நல்ல மனிதர் “ஆமாம்” என்றே சொல்லிவிடுவார். “கொம்புகள் எப்படி இருந்தன?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். எந்தப் பக்கத்துக் கொம்பு வளைந்தது என்று அறிவிப்பில் எழுதாமல் விட்டது இதற்காகத்தான். அவராகவே “இடது கொம்பு கீழே தொங்கிற்று” என்று சொன்னால், ஐயம் தீர்ந்தது. உடனே புறப்படலாம்.

எழுதாமல் வைத்துக்கொண்ட இந்த அடையாளம் மற்றொரு வகையிலும் காக்கும். அறிவிப்பு பல குழுக்களுக்குப் பரவியபின், முகம் தெரியாத ஒருவர் அழைத்து, “மாடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, லாரி வாடகையும் தீனிச் செலவும் அனுப்பினால் கொண்டுவந்து விடுகிறேன்” என்பதுண்டு. படத்தில் தெரியாத அடையாளம் ஒன்றைக் கேளுங்கள். காதில் உள்ள சிறு வெட்டு, உள்தொடையில் உள்ள தழும்பு போன்ற ஏதேனும் ஒன்று. இப்போதே இடப்புறத்திலிருந்து ஒரு படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாடு வைத்திருப்பவர்க்கு இது ஒரு நிமிட வேலை. இல்லாதவர் சாக்குப்போக்குச் சொல்லுவார். கண்ணால் காணும் முன் ஒரு வெள்ளிகூட அனுப்ப வேண்டாம். ஏமாந்து அனுப்பிவிட்டால், காலம் தாழ்த்தாமல் 997 என்னும் எண்ணில் தேசிய மோசடித் தடுப்பு மையத்தை அழைக்க வேண்டும். நூறு வெள்ளி, இருநூறு வெள்ளி பரிசு என்று தொகையைப் போட்டு விளம்பரம் செய்வதும் இத்தகையோரைத்தான் அழைத்துவரும் என்பது நம் கருத்து. கண்டுபிடித்துக் கொடுத்தவர்க்கு உங்களால் இயன்றதைக் கையில் கொடுத்துக்கொள்ளலாம்.

பழைய கிணற்றுப் பள்ளத்துக்கு இருவர் போதும். பசு நன்கறிந்தவர் ஒருவர், அவருக்குத் துணையாக ஒருவர். பசு நிற்கிறது. நம் பசுதான். கழுத்தில் ஒரு முழக் கயிறே எஞ்சியிருக்கிறது. எல்லாரும் மகிழ்ச்சியோடு அதை ஓட்டிக்கொண்டு புறப்படும் இடத்தில்தான் பெரிய இழப்பு நேர்கிறது. பசு இரவே ஈன்றிருக்கலாம். புதிதாகப் பிறந்த கன்று, தாய் மறைத்துவைத்த இடத்தில் அசையாமல் படுத்திருக்கும், குரலும் கொடுக்காது. தாயோ சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருக்கும். கன்றில்லை என்று நினைத்துத் தாயை மட்டும் ஓட்டிவந்தால், கன்று பள்ளத்திலேயே கிடந்து மடியும்.

எனவே முதலில் பசுவை உற்றுப் பாருங்கள். வயிறு வற்றி விலாப்பக்கம் குழிந்திருக்கிறதா? வால்புறத்தில் இரத்தக் கறையோ, தொங்கும் நஞ்சுக்கொடியோ தெரிகிறதா? தாழ்ந்த குரலில் கனைத்துக்கொண்டு ஒரே புதரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா? இவற்றுள் ஒன்று தெரிந்தாலும், சற்று விலகி அமர்ந்து காத்திருங்கள். பால் கொடுக்கும் வேளை வந்ததும், பசு தானே கன்றிடம் செல்லும். அது காட்டும் இடத்திலிருந்து கன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தால், தாய் பின்னாலேயே வரும். கயிறு போட்டு இழுக்க வேண்டியதில்லை.

விரைவாக மறுமொழி வரவேண்டுமென்று நாம் இவ்வளவு வற்புறுத்துவதும் அந்தக் கன்றுக்காகவே. சீம்பாலிலுள்ள நோயெதிர்ப்புச் சத்து, பிறந்த முதல் ஆறு மணி நேரத்தில்தான் கன்றின் உடலில் நன்றாகச் சேரும். ஒரு நாள் கடந்தால் அநேகமாகச் சேர்வதேயில்லை. கன்று எழுந்து குடித்துவிட்டதா என்பதைத் தாயின் காம்புகளைக் கொண்டு அறியலாம். குடித்த காம்பு பளபளப்பாகத் துடைத்ததுபோல் இருக்கும், குடிக்காத காம்பில் அழுக்குப் படிந்திருக்கும். நஞ்சுக்கொடி பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் தானே விழுந்துவிடும். தொங்குகிறதே என்று கையால் இழுத்துவிடாதீர்கள். ஒரு நாளாகியும் விழவில்லையெனில் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஒரு பகல் முழுதும் கேட்டும் பயனுள்ள மறுமொழி எதுவும் வரவில்லை என்றால், அதே அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் போடுவதால் ஆவதொன்றுமில்லை, படிப்பவர் சலித்துப்போவர். இதுவரை எங்கெங்கே தேடினோம், எந்த வெட்டுக்காட்டில் இல்லை என்று உறுதியாயிற்று என்பதைச் சேர்த்துப் புதிதாக எழுதுங்கள். “7, 8 பார்த்தாகிவிட்டது, ஆற்றோரம் யாரும் போகவில்லை” என்று எழுதினால், ஆற்றோரத்தில் தூண்டில் போடும் ஒருவர் தானே முன்வந்து பார்த்துவருவார். அதே வேளையில் அடுத்த தோட்டத்துக் குழுவுக்கும் கம்பத்துக்கும் அனுப்பலாம். சடக்கில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைத்துவைக்கும் அதிகாரம் ஊராட்சி மன்றங்களுக்கு உண்டாதலால், அந்த அலுவலகத்திலும் ஒரு முறை விசாரித்துவிட வேண்டும்.

பசு கிடைத்ததும் கடைசியாக ஓர் அறிவிப்பு இருக்கிறது. பலரும் இதை மறந்துவிடுவதால், பழைய அறிவிப்பு மாதக்கணக்கில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. தொலைபேசியும் ஓயாமல் அடிக்கிறது. முதலில் அனுப்பிய அதே படத்தோடு, எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினீர்களோ அந்தந்தக் குழுவுக்கெல்லாம், தமிழிலும் மலாயிலும் இவ்வாறு எழுதலாம்: “11.3.2026 அன்று காணாமற்போன சினைப்பசு 12.3.2026 காலை கிடைத்துவிட்டது. 9ஆம் எண் வெட்டுக்காட்டுப் பழைய கிணற்றருகே இருந்தது. கிடேரிக் கன்று ஈன்றிருக்கிறது, இரண்டும் நலம். புல் வெட்டும் தோழருக்கும், பந்து விளையாடிய தம்பிக்கும், லாரி ஓட்டுநர் அண்ணனுக்கும் எங்கள் நன்றி. பழைய செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.”